ரெஃபரன்ஸ் கேட்டு மின்னஞ்சல் வந்தால்: எதைச் சொல்வது, எதைச் சொல்ல வேண்டியதில்லை?

மூன்று சுற்று நேர்காணல் முடிந்து, சம்பளமும் பேசி முடித்தாகிவிட்டது. அடுத்த ஓரிரு நாளில் புதிய நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. 'உங்கள் பின்னணிச் சரிபார்ப்பைத் தொடங்குகிறோம். இணைப்பிலுள்ள படிவத்தில் இதுவரை பார்த்த எல்லா வேலைகளின் விவரத்தையும் நிரப்புங்கள். உங்களை நன்கு அறிந்த இரண்டு பேரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுங்கள். தற்போதைய நிறுவனத்தை நாங்கள் தொடர்புகொள்ளலாமா என்பதைத் தெரிவியுங்கள். ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டு 48 மணி நேரத்துக்குள் அனுப்புங்கள்.'

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையிலோ கோவையிலோ பெங்களூரிலோ வேலை மாறுகிற எவருக்கும் பழக்கமான அஞ்சல்தான் இது. ஆனாலும் இதைத் திறந்ததும் பலருக்கு மனத்தில் ஒரு கலக்கம் வந்துவிடுகிறது. பழைய மேனேஜர் என்ன சொல்வாரோ, இடையில் விட்டுப்போன சில மாதங்களை எப்படி எழுதுவது, இப்போதிருக்கும் அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று வரிசையாகக் கேள்விகள் எழும். அந்தக் கலக்கத்தில் ஒரு சாரார் கேட்காததையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் கேட்டதையே மாற்றி எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே கெடுதல். அந்த அஞ்சல் உண்மையில் என்ன கேட்கிறது என்று பிரித்துப் பார்த்துவிட்டால், இரண்டையும் தவிர்க்கலாம்.

ஒரே அஞ்சலில் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: 'நீங்கள் சொன்ன இடத்தில், சொன்ன காலத்தில், சொன்ன பதவியில் வேலை பார்த்தீர்களா?' இது ஆவணங்களைப் பற்றிய கேள்வி. இதற்கு விடை சொல்பவர் உங்கள் பழைய மேனேஜர் அல்ல. பழைய நிறுவனத்தின் ஹெச்.ஆர். துறைதான். புதிய நிறுவனம் இந்த வேலையைப் பெரும்பாலும் வெளியிலிருக்கும் ஒரு சரிபார்ப்பு நிறுவனத்திடம் கொடுத்துவிடும். அவர்கள் பழைய நிறுவனத்துக்கு ஒரு சிறு படிவம் அனுப்புவார்கள். ஊழியர் எண், சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, கடைசிச் சம்பளம், விலகிய காரணம், கணக்கு முடிக்கப்பட்டதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இருந்ததா, மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொள்வீர்களா என்பவை அதில் இருக்கும். பல பெரிய நிறுவனங்கள் இவற்றில் நாள், பதவி என்ற இரண்டை மட்டும் உறுதிசெய்துவிட்டு, மற்றவற்றுக்கு 'எங்கள் கொள்கைப்படி பதில் இல்லை' என்று எழுதிவிடும். அப்படி எழுதுவதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது கேள்வி: 'நீங்கள் எப்படி வேலை பார்த்தீர்கள்?' இது மனிதர்களைப் பற்றிய கேள்வி. இதற்காகத்தான் இரண்டு பெயர்களைக் கேட்கிறார்கள். அவர்களோடு பத்துப் பதினைந்து நிமிடம் தொலைபேசியில் பேசுவார்கள். இவர் உங்களுக்குக் கீழே எத்தனை நாள் வேலை பார்த்தார், எதில் வல்லவர், எதில் தேற வேண்டும், நெருக்கடியில் எப்படி நடந்துகொள்வார், ஏன் விலகினார் என்று கேட்பார்கள்.

மூன்றாவது கேள்வி படிவத்தில் நேரடியாக இருக்காது. ஆனால் படிவம் முழுவதும் அதுதான் நிறைந்திருக்கும். 'இவரைச் சேர்த்துக்கொண்டால் பின்னாளில் எங்களுக்கு ஏதாவது சிக்கல் வருமா?' ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறாரா, பழைய நிறுவனத்தோடு தீராத வழக்கு இருக்கிறதா, போலிச் சான்றிதழ் கொடுத்தாரா, நேர்காணலில் சொன்னதும் எழுதிக் கொடுப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்பதெல்லாம் இந்தக் கேள்வியின் கிளைகள். சரிபார்ப்பு அறிக்கை பெரும்பாலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற மூன்று நிறங்களில் வரும். எல்லாம் ஒத்துப்போனால் பச்சை. சிறிய வேறுபாடு இருந்தாலோ, பழைய நிறுவனம் மூடப்பட்டு உறுதிசெய்ய முடியாமல் போனாலோ மஞ்சள். சொன்னதும் ஆவணமும் பெரிதாக முரண்பட்டால் சிவப்பு. நீங்கள் திறமைசாலியா என்பதற்கு அந்த அறிக்கையில் நிறமே கிடையாது. அது நேர்காணலோடு முடிந்துவிட்டது. இப்போது அளக்கப்படுவது உங்கள் சொல்லும் ஆவணமும் பொருந்துகிறதா என்பது ஒன்றுதான்.

ஆகவே, படிவத்தின் எந்தக் கட்டத்தை நிரப்பும்போதும் 'இதை எழுதினால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?' என்று யோசிப்பதைவிட, 'இதற்கு ஆவணத்தில் என்ன விடை இருக்கிறது?' என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

பி.எஃப். கணக்கு முன்பே சொல்லிவிட்டது

இந்தியாவில் அந்த ஆவணங்களில் முதன்மையானது பி.எஃப். கணக்கு. 2014 அக்டோபரில் யு.ஏ.என். எனப்படும் 12 இலக்க எண் வந்தபின், ஒருவர் எத்தனை நிறுவனம் மாறினாலும் எண் மாறுவதில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் அந்த ஒரே எண்ணின் கீழ் வரிசையாகப் பதிவாகிவிடும். பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் நுழைந்து View என்பதன் கீழே Service History என்பதைத் திறந்தால் அந்த வரிசை முழுவதும் தெரியும். புதிய நிறுவனம் யு.ஏ.என். எண்ணையோ அந்தப் பக்கத்தின் பிரதியையோ கேட்பது இதற்காகத்தான்.

படிவத்தை நிரப்ப உட்காருவதற்கு முன் அந்தப் பக்கத்தை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள்மேல் எந்தத் தவறும் இல்லாமலே அதில் தவறு இருக்கக்கூடும். மூன்று வகைக் கோளாறுகள் அடிக்கடி வரும்.

ஒன்று, பழைய நிறுவனம் நீங்கள் விலகிய நாளைப் பதிவுசெய்யாமலே விட்டிருக்கும். அப்போது நீங்கள் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதாகக் கணக்கு சொல்லும். அடுத்த நிறுவனத்தின் பதிவும் அதன்மேல் ஏறிக்கொள்வதால், இரட்டை வேலை பார்த்தவர்போலத் தெரிவீர்கள். இதை நீங்களே சரிசெய்யலாம். அந்த நிறுவனத்திலிருந்து கடைசியாகப் பணம் செலுத்தப்பட்டு இரண்டு மாதம் கழிந்த பிறகு, அதே தளத்தில் Manage என்பதன் கீழுள்ள Mark Exit வழியாக, ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு விலகிய நாளைப் பதிவுசெய்யலாம். பதிந்த நாளைப் பிறகு மாற்றுவது சிரமம் என்பதால், ராஜினாமா ஏற்கப்பட்ட கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதியுங்கள்.

இரண்டு, நீங்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் வளாகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்திருப்பீர்கள். ஆனால் சம்பளம் கொடுத்தது ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனமாக இருக்கும். பி.எஃப்.பில் அந்த ஒப்பந்த நிறுவனத்தின் பெயர்தான் வரும். ரெஸ்யூமேயில் பெரிய நிறுவனத்தின் பெயரை மட்டும் போட்டால், அந்த நிறுவனத்தின் ஹெச்.ஆர். 'இப்படி ஓர் ஊழியர் எங்களிடம் இல்லை' என்று பதில் அனுப்பிவிடும். உண்மையாகவே உழைத்தவருக்குச் சிவப்பு விழுவதற்கு இது போதும். 'இன்ன நிறுவனத்தின் பே ரோலில், இன்ன வாடிக்கையாளர் நிறுவனத்தில் பணி' என்று இரண்டு பெயரையும் எழுத வேண்டும்.

மூன்று, 20 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் சிறிய நிறுவனங்களுக்குப் பி.எஃப். கட்டாயமில்லை. அங்கே பார்த்த வேலை அந்த வரிசையில் வராது. அதற்கு ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், சம்பளம் வரவான வங்கிக் கணக்கின் பக்கங்கள் ஆகியவற்றை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வரி பிடித்திருந்தால் வருமான வரித்துறையின் 26ஏஎஸ் அறிக்கையிலும் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

இந்தப் பிரதிகளை அனுப்பும்போது ஓர் எச்சரிக்கை. பி.எஃப். தளத்தின் கடவுச்சொல்லையோ ஓ.டி.பி.யையோ யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. தேவையான பக்கத்தை நீங்களே தரவிறக்கி அனுப்பினால் போதும். வங்கிப் பக்கங்களில் சம்பள வரவைத் தவிர மற்ற வரிகளை மறைத்து அனுப்பலாமா என்று கேளுங்கள். வேலையைச் சரிபார்க்க உங்கள் மளிகைச் செலவும் மருத்துவமனைச் செலவும் தேவையில்லை. சரிபார்ப்புக் கட்டணம் என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் அது மோசடி என்றே கொள்ளுங்கள். அந்தச் செலவு வேலைக்கு எடுக்கும் நிறுவனத்துடையது.

விட்டுப்போன ஏழு மாதங்கள்

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். மென்பொருள் சோதனையில் இருக்கும் ஒரு பெண். 2016 ஜூனில் கிண்டியிலுள்ள ஒரு நிறுவனத்தில் சேர்ந்து 2019 மார்ச் வரை வேலை பார்த்தார். ஏப்ரலில் கோவையில் ஒரு சிறு நிறுவனத்துக்கு மாறினார். அங்கே மேனேஜரோடு ஒத்துப்போகவில்லை. வேலை நேரமும் சொன்னபடி இல்லை. அக்டோபர் கடைசியில் மின்னஞ்சலில் ராஜினாமா அனுப்பிவிட்டு, நோட்டீஸ் காலத்தை முடிக்காமலே சென்னைக்குத் திரும்பிவிட்டார். ரிலீவிங் லெட்டர் கிடைக்கவில்லை. 2020 ஜனவரியில் சோழிங்கநல்லூரில் இப்போதிருக்கும் நிறுவனத்தில் சேர்ந்தார்.

இப்போது புதிய வேலைக்கு அனுப்பிய ரெஸ்யூமேயில் கோவை வேலை இல்லை. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இடைவெளி தெரியக்கூடாது என்பதற்காகக் கிண்டி வேலையை 2019 டிசம்பர் வரை நீட்டியும் எழுதிவிட்டார். நேர்காணலில் யாரும் கவனிக்கவில்லை. இப்போது அந்த அஞ்சல் வந்திருக்கிறது.

இதில் இருப்பது ஒரே தவறு அல்ல; எடையில் வேறுபட்ட இரண்டு தவறுகள். ஒரு வேலையைச் சொல்லாமல் விட்டது முதலாவது. ரெஸ்யூமே என்பது நீங்கள் தேர்ந்தெடுத்துச் சொல்லும் சுருக்கம் என்பதால், அதில் விட்டதற்கு விளக்கம் சொல்ல இடமுண்டு. நாளை நீட்டியது இரண்டாவது. இது பொய்யான தகவல். கிண்டி நிறுவனத்தின் ஹெச்.ஆர். 2019 மார்ச் என்று பதில் அனுப்பும்போது ஒன்பது மாத வித்தியாசம் தெரியும். பி.எஃப். வரிசையில் கோவை நிறுவனத்தின் பெயரும் இருந்தால், மறைத்ததும் தெரியும். 'கோவை வேலையை மறைக்கத்தான் கிண்டி நாளை நீட்டியிருக்கிறார்' என்று அறிக்கை எழுதுபவருக்கு எளிதாகப் புரிந்துவிடும்.

அவர் செய்ய வேண்டியது என்ன? படிவத்தை நிரப்புவதற்கு முன், தன்னோடு பேசிவந்த ஹெச்.ஆர். அலுவலருக்குத் தனியாக ஓர் அஞ்சல் அனுப்ப வேண்டும். அது நீளமாக இருக்கக்கூடாது. இப்படி இருக்கலாம்:

'வணக்கம். சரிபார்ப்புப் படிவத்தை நிரப்புவதற்கு முன், என் ரெஸ்யூமேயில் ஒரு திருத்தம் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. கிண்டி நிறுவனத்தில் என் கடைசி நாள் 2019 மார்ச் 29. ரெஸ்யூமேயில் டிசம்பர் என்று எழுதியது சரியல்ல, அதற்கு வருந்துகிறேன். 2019 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கோவையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். நோட்டீஸ் காலத்தை முழுவதும் முடிக்காமல் விலகியதால் ரிலீவிங் லெட்டர் என்னிடம் இல்லை. ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப்கள், ராஜினாமா அஞ்சல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதம் வேலையில் இல்லை. திருத்திய ரெஸ்யூமேயும் இத்துடன் உள்ளது. படிவத்தை இந்த விவரங்களின்படியே நிரப்புகிறேன்.'

இந்த அஞ்சலில் என்ன இல்லை என்பதையும் கவனியுங்கள். மேனேஜரோடு நடந்த சண்டை இல்லை. அந்த நிறுவனத்தைப் பற்றிய குறை இல்லை. குடும்பச் சூழ்நிலை, மன உளைச்சல் எதுவும் இல்லை. எது தவறாகச் சொல்லப்பட்டதோ அது திருத்தப்பட்டிருக்கிறது. எந்த ஆவணம் இல்லையோ அது சொல்லப்பட்டிருக்கிறது. ஏன் விலகினீர்கள் என்று தொலைபேசியில் கேட்டால், 'சேரும்போது பேசிய வேலை நேரமும் அங்கே இருந்த வேலை நேரமும் வேறாக இருந்தன' என்ற ஒரு வரி போதும். அது உண்மை, சான்று காட்டவும் முடியும்.

கோவை நிறுவனத்துக்கும் அவர் ஓர் அஞ்சல் எழுதலாம். நோட்டீஸ் காலக் குறைவுக்கு எவ்வளவு கட்ட வேண்டும், கட்டினால் ரிலீவிங் லெட்டர் தருவீர்களா என்று கேட்கலாம். வருடங்கள் கடந்த பிறகும் கணக்கை முடித்துக்கொண்டு கடிதம் தருகிற நிறுவனங்கள் உண்டு. தராவிட்டாலும், கேட்டு எழுதிய அஞ்சலே நல்லெண்ணத்துக்கு ஓர் ஆவணம்.

இதை எப்போது செய்வது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். படிவத்தில் கையெழுத்திடும் முன் சொன்னால் அதன் பெயர் திருத்தம். கையெழுத்திட்ட பின் அவர்களாகக் கண்டுபிடித்தால் முரண்பாடு. படிவத்தின் கடைசியில், 'நான் கொடுத்த தகவல் தவறென்று தெரிந்தால் எந்த நேரத்திலும் என்னை வேலையிலிருந்து நீக்கலாம்' என்ற பொருளில் ஓர் உறுதிமொழி இருக்கும். சேர்ந்து ஆறு மாதம் கழித்து அறிக்கை வந்தாலும் அந்த வரி உயிரோடுதான் இருக்கும். அதனால்தான், இருக்கிற வேலையை ராஜினாமா செய்வதற்கு முன்பே இந்தத் திருத்த அஞ்சல் போய்ச் சேர்ந்து, 'தெரிந்துகொண்டோம், மேலே செல்லலாம்' என்று எழுத்தில் பதில் வந்துவிட வேண்டும். புதிய நிறுவனம் மறுத்துவிடவும் கூடும். அந்த அபாயம் உண்மையானது. ஆனால் மறுத்தாலும் கையில் பழைய வேலை இருக்கும். ராஜினாமா செய்து, புதிய இடத்தில் சேர்ந்து, அதன்பின் நீக்கப்பட்டால் இரண்டுமே இருக்காது. அடுத்த சரிபார்ப்பில் 'ஏன் விலகினீர்கள்' என்ற கேள்வி இன்னும் கனமாகிவிடும்.

யாருடைய பெயரைக் கொடுப்பது?

இரண்டு பெயர் கேட்டால் பலர் தங்களைப் பிடித்தவர்களின் பெயரை எழுதுகிறார்கள். அஞ்சல் கேட்பது உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களை. நேரடி மேனேஜராக இருந்தவர் முதல் தேர்வு. அவர் இன்னும் அந்த நிறுவனத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. வேறு இடத்துக்குப் போயிருந்தால் இன்னும் மனம்விட்டுப் பேச வாய்ப்புண்டு. டீம் லீடர், திட்டத்தில் உங்களோடு வேலை பார்த்த மூத்தவர், வாடிக்கையாளர் தரப்பில் உங்களோடு பழகியவர் ஆகியோர் அடுத்தவர்கள்.

பெயரைக் கொடுப்பதற்கு முன் அவர்களை அழைத்துச் சம்மதம் கேளுங்கள். என்ன வேலைக்குப் போகிறீர்கள், எந்தக் காலத்தில் எந்தத் திட்டத்தில் அவரோடு இருந்தீர்கள் என்று நினைவூட்டுங்கள். 'சார், என்னைப் பற்றிக் கேட்டால் நல்லபடியாகச் சொல்வீர்களா?' என்று நேராகவே கேட்டுவிடலாம். தயக்கத்தோடு 'பார்க்கலாம்' என்றால் அவரை விட்டுவிட்டு வேறு பெயரைத் தேடுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஆனால் நாளும் விலகிய காரணமும் இரண்டு பேர் வாயிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு முந்தைய நாட்களை அவர் தவறாக நினைவில் வைத்திருந்தால், அதுவே தேவையில்லாத ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

நண்பரை மேனேஜராகப் பேசச் சொல்லும் வழக்கமும் இருக்கிறது. அதைச் செய்யவே செய்யாதீர்கள். அலுவலக மின்னஞ்சல் முகவரியைக் கேட்கிறார்கள். லிங்க்ட்இன் பக்கத்தைப் பார்க்கிறார்கள். சமயத்தில் நிறுவனத்தின் பொது எண்ணுக்கு அழைத்து அந்தப் பெயரில் ஆள் இருக்கிறாரா என்றும் கேட்கிறார்கள். ஒரு மேனேஜர் உங்களைப் பற்றி நடுத்தரமாகச் சொன்னால் அது ஒரு கருத்து மட்டுமே. போலி மேனேஜர் பிடிபட்டால் அது ஏமாற்று. முன்னதைக் கடந்து வேலை கிடைத்தவர்கள் ஏராளம்.

பழைய மேனேஜர் உங்களைப் பற்றித் தவறாகத்தான் பேசுவார் என்று உறுதியாகத் தெரிந்தால், அவர் பெயரைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவரையே வேண்டுமென்று கேட்டால், 'அவரோடு ஒரு திட்டத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. அதே காலத்தில் என் வேலையைப் பார்த்த இன்னொருவரையும் தருகிறேன், இருவரிடமும் பேசுங்கள்' என்று சொல்லுங்கள். அவர் சொல்லப்போவதை முன்கூட்டியே ஒரு வரியில் நீங்கள் சொல்லிவிட்டால், அதைக் கேட்பவர் புதிதாகக் கேட்கமாட்டார்.

'தற்போதைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாமா?'

இந்த ஒரு கட்டத்தில் அவசரப்பட்டு 'ஆம்' என்று குறித்தால் விபரீதம். நீங்கள் ராஜினாமா செய்வதற்கு முன்பே உங்கள் ஹெச்.ஆர். துறைக்குச் சரிபார்ப்பு அஞ்சல் போய்விடும். 'இல்லை' என்று குறித்தால் எதையோ மறைப்பதாக நினைப்பார்களோ என்று அஞ்சுகிறார்கள். நினைக்க மாட்டார்கள். வேலையில் இருக்கும் பெரும்பாலானோர் கொடுக்கும் பதில் அதுதான். 'விலகிய பின் தொடர்புகொள்ளலாம்' என்ற கட்டம் இருந்தால் அதைக் குறியுங்கள். இல்லாவிட்டால் 'இல்லை' என்று குறித்து, 'கடைசி வேலை நாளுக்குப் பிறகு தொடர்புகொள்ளலாம். ரிலீவிங் லெட்டரையும் அப்போது தருகிறேன்' என்று குறிப்பு எழுதுங்கள். அதுவரைக்கும் ஆஃபர் லெட்டரும் கடைசி மூன்று மாத பே ஸ்லிப்பும் சான்றாகப் போதும் என்பதே வழக்கம். ஒப்புதல் கடிதத்தில் 'எல்லா நிறுவனங்களையும் எப்போது வேண்டுமானாலும்' என்று பொதுவாக எழுதியிருந்தால், இந்த விலக்கை அதிலும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

இதோடு சேர்ந்தே வருவது இரட்டை வேலை பற்றிய கேள்வி. 2022 செப்டம்பரில், தங்களிடம் வேலை பார்த்துக்கொண்டே போட்டி நிறுவனங்களிலும் நேரடியாக வேலை பார்த்த 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி வெளிப்படையாகச் சொன்னார். இன்று பல படிவங்களில் இது தனி வரியாகவே இருக்கிறது. வார இறுதியில் டியூஷன் எடுப்பதும், ஒரு நண்பருக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்துப் பணம் வாங்கியதும் இதில் சேருமா என்று கேட்டால், விடை கேள்வியின் சொற்களில் இருக்கிறது. 'வேறு நிறுவனத்தில் ஊழியரா?' என்று கேட்டால் 'இல்லை' என்பதே உண்மை. 'வேறு எந்த வருமானமும் உண்டா?' என்று கேட்டால் சொல்லியாக வேண்டும். தொழில்முறைக் கட்டணமாக வாங்கியதற்கு வரி பிடித்திருந்தால், 26ஏஎஸ் அறிக்கையில் அது ஏற்கெனவே இருக்கும்.

சொல்ல வேண்டியதில்லாதவை

கேட்டதற்கு உண்மையைச் சொல்வது கடமை. கேட்காததை எடுத்துச் சொல்வது கடமை அல்ல. 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக வகுத்தது. அரசு வேலையில் சேர்வோரின் சரிபார்ப்புப் படிவத்தைப் பற்றிய வழக்கு அது. மறைத்தார் என்று ஒருவரைக் குற்றம்சாட்ட வேண்டுமானால், படிவத்தில் கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும், பொத்தாம்பொதுவாக இருக்கக்கூடாது என்றது தீர்ப்பு. கேட்கப்படாத ஒன்றைச் சொல்லாததற்காக 'மறைத்தார்' என்று நடவடிக்கை எடுக்க முடியாது என்றும் சொன்னது. தனியார் நிறுவனத்துக்கு அந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் படிவத்தை எப்படி வாசிப்பது என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. அதே தீர்ப்பு, கேட்ட தகவலை உண்மையாகச் சொல்ல வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறது. ஆகவே 'உங்கள்மேல் குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா?' என்று கேட்டிருந்தால், அது சிறு வழக்கானாலும் எழுதுங்கள். 'தண்டனை பெற்றிருக்கிறீர்களா?' என்று மட்டும் கேட்டிருந்தால், நிலுவை வழக்கு அந்தக் கேள்வியின் விடை அல்ல.

உடல்நலம், கர்ப்பம், திருமணத் திட்டம், சாதி, மதம் ஆகியவை ரெஃபரன்ஸ் அஞ்சலுக்குரிய விஷயங்களே அல்ல. மருத்துவப் பரிசோதனை தேவைப்படும் வேலையானால் அது தனியாக, மருத்துவர் வழியாக நடக்கும். எச்.ஐ.வி. நிலையைப் பொறுத்தவரை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது: வேலைக்கு முன்நிபந்தனையாக அந்தப் பரிசோதனையைக் கேட்கக்கூடாது. படிவத்தில் இப்படி ஒரு கட்டம் இருந்தால், 'இந்த வேலைக்கு இது எந்த வகையில் தேவை?' என்று ஹெச்.ஆர். அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். பல சமயம் அது எங்கிருந்தோ எடுத்தாண்ட பழைய படிவமாக இருக்கும். 'காலியாக விடுங்கள்' என்று பதில் வரும்.

சம்பளத்தைக் கேட்டால் ஆஃபர் லெட்டரில் இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். நிலையான பகுதி எவ்வளவு, வேலைத்திறனைப் பொறுத்து மாறும் பகுதி எவ்வளவு என்று பிரித்து எழுதினால், பின்னால் பே ஸ்லிப்போடு ஒப்பிடும்போது குழப்பம் வராது. கடைசி வருடம் கைக்கு வராத போனஸையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதுவதுதான் சம்பள முரண்பாடு என்ற பெயரில் பெரும்பாலும் பிடிபடுகிறது.

48 மணி நேரம் என்ற கெடுவைக் கண்டு பதற வேண்டாம். 'ஆவணங்களைத் திரட்ட இன்னும் இரண்டு நாள் வேண்டும்' என்று எழுதிக் கேட்டதற்காக யாரும் வேலையைத் திரும்பப் பெறுவதில்லை. அந்த இரண்டு நாளில் பி.எஃப். வரிசையைப் பாருங்கள், நாட்களை ஒத்துப்பாருங்கள், இரண்டு பேரை அழைத்துப் பேசுங்கள். திருத்த வேண்டியது இருந்தால் கையெழுத்துக்கு முன் திருத்துங்கள். நிரப்பிய படிவத்தின் பிரதி ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலைக்குப் போகும்போது இதே விவரங்களைத்தான் மீண்டும் எழுத வேண்டியிருக்கும்.